அனுப்பியாயிற்று, வந்தார்களா?

மருத்துவமனை அனுப்பும் நினைவூட்டல் குறுஞ்செய்திக்கு இரண்டு வேலைகள் உண்டு. தேதியை மறந்தவரை வரவைப்பது ஒன்று. வர முடியாதவரை முன்கூட்டியே சொல்ல வைப்பது இன்னொன்று. இரண்டில் எது நடந்தாலும் செய்தி பலித்துவிட்டது என்று கொள்ளலாம். இரண்டும் நடக்காமல், குறித்த நேரத்தில் மருத்துவருக்கு எதிரே இருக்கும் நாற்காலி காலியாகக் கிடந்தால், செய்தி வீண். மாத அறிக்கைகளிலோ வேறு கணக்குதான் வழக்கமாகத் தென்படும்: இத்தனை ஆயிரம் செய்திகள் அனுப்பப்பட்டன, இத்தனை போய்ச் சேர்ந்தன. அந்த நாற்காலியைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. அனுப்பிய எண்ணிக்கை தொலைபேசி நிறுவனத்தின் பில்லிலேயே இருக்கிறது. அதைத் திரும்ப எழுதுவதற்குத் தனியாக ஒரு அறிக்கை தேவையில்லை.

நினைவூட்டுவதால் பயன் உண்டா என்ற கேள்விக்கு எப்போதோ விடை கிடைத்துவிட்டது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, நினைவூட்டல் எதுவும் பெறாதவர்களில் சுமார் 68 விழுக்காட்டினர் முன்பதிவு செய்த நாளில் வந்தார்கள். குறுஞ்செய்தி பெற்றவர்களில் சுமார் 79 விழுக்காட்டினரும், தொலைபேசியில் அழைத்துச் சொல்லப்பட்டவர்களில் சுமார் 80 விழுக்காட்டினரும் வந்தார்கள். ஆள் வைத்து ஒவ்வொருவரையும் அழைப்பதற்கும் ஒரு வரிச் செய்திக்கும் இடையே பெரிய வித்தியாசமில்லை. ஆனால் அந்த ஆய்வு சொல்வது சராசரியை மட்டுமே. எந்த வாசகத்தில் எழுதினாலும் இதே பலன் கிடைக்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை. பதில் சொன்னது கிழக்கு லண்டனில் நடந்த ஒரு சோதனை.

லண்டனில் நான்கு வாசகங்கள்

பார்ட்ஸ் ஹெல்த் என்பது கிழக்கு லண்டனில் பல மருத்துவமனைகளை நடத்தும் அரசு மருத்துவ அறக்கட்டளை. அதன் புறநோயாளிப் பிரிவுகள் சிலவற்றில் 2013 நவம்பர் முதல் 2014 ஜனவரி வரை சுமார் 10,000 முன்பதிவுகளுக்கு நான்கு விதமான வாசகங்கள் குலுக்கல் முறையில் பிரித்து அனுப்பப்பட்டன. முதலாவது, ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. எந்தப் பிரிவு, எந்தத் தேதி, எத்தனை மணி என்று சொல்லிவிட்டு, மாற்ற வேண்டுமானால் உங்களுக்கு வந்த கடிதத்தில் உள்ள எண்ணை அழையுங்கள் என்றது. இரண்டாவது, அந்த எண்ணைச் செய்தியிலேயே கொடுத்தது. மூன்றாவது, பத்துப் பேரில் ஒன்பது பேர் தவறாமல் வருகிறார்கள் என்று சேர்த்துக்கொண்டது. நான்காவது, வராமல் இருந்தால் தேசிய சுகாதார சேவைக்குச் சுமார் 160 பவுண்டு செலவாகிறது என்று தொகையைச் சொன்னது.

பழைய வாசகம் பெற்றவர்களில் 11.1 விழுக்காட்டினர் சொல்லாமல் வராமல் இருந்தார்கள். தொகையைச் சொன்ன வாசகத்தில் அது 8.4 ஆகக் குறைந்தது. மற்ற இரண்டும் 10 விழுக்காட்டை ஒட்டி நின்றன. பழையதற்கும் அவற்றுக்கும் இருந்த சிறு வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். நடத்தியவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளாததுதான் இந்தச் சோதனையின் சிறப்பு. சில மாதங்கள் கழித்து, வேறு வாசகங்களையும் சேர்த்து, மறுபடியும் சுமார் 10,000 முன்பதிவுகளில் பார்த்தார்கள். தொகை சொன்ன வாசகம் மீண்டும் 8.2 விழுக்காடு காட்டியது. தொகை குறிப்பிடாமல், வராவிட்டால் பணம் வீணாகிறது என்று பொதுவாகச் சொன்ன வாசகம் இந்த அளவுக்குப் பலிக்கவில்லை. ஒரே கருத்துதான், ஒன்றில் எண் இருந்தது, மற்றொன்றில் இல்லை.

செலவு கூடவில்லை, ஆட்களும் கூடவில்லை. மாறியது ஒரு வரி மட்டுமே. அது தெரியவந்ததற்குக் காரணம், ஒவ்வொரு செய்தியும் எந்த வாசகத்தில் போனது, அதைப் பெற்றவர் என்ன செய்தார் என்ற இரண்டு தகவல்களும் ஒரே பதிவில் இணைந்திருந்ததுதான்.

ஒரு செய்திக்கு ஒரு வரிசை

இந்த இணைப்பு இல்லாவிட்டால் மேற்கொண்டு எதுவும் நடக்காது. வழக்கமாகச் செய்தி அனுப்பும் மென்பொருள் ஓரிடத்தில் இருக்கும், ஓ.பி. பதிவேடு வேறிடத்தில் இருக்கும். முன்னதற்கு நோயாளி வந்தாரா என்று தெரியாது. பின்னதற்கு அவருக்கு என்ன செய்தி போனது என்று தெரியாது. இரண்டையும் சேர்க்கப் பெரிய மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. ஒரு செய்திக்கு ஒரு வரிசை என்று ஒரு அட்டவணை போதும். அதில் முன்பதிவு எண், வாசகத்தின் குறியீடு, அனுப்பிய நாளும் நேரமும், போய்ச் சேர்ந்ததா என்ற விவரம், கடைசியாக விளைவு ஆகியவை இருக்க வேண்டும்.

இந்தியாவில் வாசகத்தின் குறியீட்டுக்குத் தனியே மெனக்கெட வேண்டாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு விதிகளின் கீழ், நிறுவனங்கள் மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்தியின் வாசகத்தை முன்கூட்டியே டிஎல்டி தளத்தில் பதிவு செய்ய வேண்டும். தேதி, நேரம் போன்று ஆளுக்கு ஆள் மாறும் இடங்களை மட்டும் மாறக்கூடியவை என்று குறித்து விட்டுவைக்கலாம். பதிவு செய்த வாசகத்திலிருந்து விலகினால் செய்தி தடுக்கப்படும். பதிவான ஒவ்வொரு வாசகத்துக்கும் ஓர் அடையாள எண் கிடைக்கும், அனுப்பும் ஒவ்வொரு செய்தியோடும் அந்த எண் போக வேண்டும். அலுப்பூட்டும் நடைமுறைதான், ஆனால் கண்காணிப்புக்கு இதைவிட வசதி இல்லை. யாருக்கு எந்த வாசகம் போனது என்பது தானாகவே பதிவாகிவிடுகிறது. அந்த எண்ணை ஓ.பி. பதிவேட்டோடு சேர்ப்பது மட்டுமே பாக்கி.

விளைவு என்ற கடைசிக் கட்டத்தில்தான் பல இடங்களில் தவறு நேர்கிறது. வந்தார், வரவில்லை என்று இரண்டு விடைகளை மட்டும் வைப்பது போதாது. முன்கூட்டியே சொல்லி ரத்து செய்தார் அல்லது தேதி மாற்றினார் என்று மூன்றாவது ஒன்று கட்டாயம் வேண்டும். சொல்லாமல் வராதவரின் இடம் வீணாகிறது. இரண்டு நாள் முன்னதாகச் சொன்னவரின் இடம் காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் இன்னொருவருக்குப் போகிறது. இருவரையும் ‘வரவில்லை’ என்ற ஒரே கட்டத்தில் போட்டால் நல்ல வாசகம் கெட்ட வாசகமாகத் தெரியும்.

அது எப்படி என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு கண் மருத்துவமனையின் மறுபரிசோதனைப் பிரிவை எடுத்துக்கொள்ளலாம். பழைய வாசகம் இப்படி இருக்கிறது: ‘நினைவூட்டல்: தங்களது கண் பரிசோதனை 14.03 அன்று காலை 10 மணிக்கு நடைபெற உள்ளது. தவறாது வருகை தரவும்.’ புதியது இப்படி: ‘14.03 காலை 10 மணி உங்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம். வர முடியாவிட்டால் இன்றே இந்த எண்ணில் சொல்லுங்கள், வேறொருவருக்குத் தருவோம்.’ இரண்டும் தலா 600 பேருக்குப் போகின்றன. பழையதைப் பெற்றவர்களில் 432 பேர் வந்தார்கள், 42 பேர் முன்கூட்டியே ரத்து செய்தார்கள், 126 பேர் சொல்லாமல் இருந்துவிட்டார்கள். புதியதைப் பெற்றவர்களில் 426 பேர் வந்தார்கள், 84 பேர் ரத்து செய்தார்கள், 90 பேர் சொல்லாமல் இருந்துவிட்டார்கள்.

வந்தவர்களை மட்டும் எண்ணும் மேலாளர், பழையதே ஆறு பேர் கூடுதலாகக் கொண்டுவந்தது என்று சொல்லிப் புதியதைத் தூக்கியெறிவார். மூன்று கட்டங்களையும் பார்ப்பவருக்கு வேறு படம் கிடைக்கும். சொல்லாமல் வராதவர்கள் 21 விழுக்காட்டிலிருந்து 15 ஆகக் குறைந்திருக்கிறார்கள். வேறு நோயாளிக்குத் தரக்கூடிய இடங்கள் 42இலிருந்து 84 ஆகியிருக்கின்றன. அவற்றில் பாதியை நிரப்பினாலும் அந்தப் பிரிவு பழைய வாசகத்தோடு ஒப்பிட்டால் அதிகம் பேரைப் பார்த்திருக்கும்.

இந்தக் கணக்கு கற்பனை என்றாலும் இந்தப் போக்கு நிஜத்தில் பதிவானதுதான். இஸ்ரேலின் மிகப் பெரிய மருத்துவச் சேவை அமைப்பான கிளாலித், 14 மருத்துவமனைகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நினைவூட்டல்களைக் கொண்டு பழைய வாசகத்தையும் எட்டுப் புதிய வாசகங்களையும் ஒப்பிட்டது. முடிவுகள் 2020இல் வெளியாயின. பழைய வாசகத்தில் சுமார் 21 விழுக்காட்டினர் சொல்லாமல் வராமல் இருந்தார்கள். மிகச் சிறப்பாகப் பலித்த வாசகத்தில் அது சுமார் 14 விழுக்காடு. ரத்து செய்யாமல் வராமல் இருந்தால், சிகிச்சை தேவைப்படும் மற்றவர்களுக்கு அது தாமதமாகிறது என்பதே அந்த வாசகம் சொன்னது. அதைப் பெற்றவர்களில் முன்கூட்டியே ரத்து செய்தவர்களும் கூடினார்கள். லண்டனில் ரொக்கத் தொகை வென்றது, இஸ்ரேலில் குற்ற உணர்வு வென்றது. ஓரூர் வாசகத்தை மொழிபெயர்த்து இன்னோர் ஊரில் ஒட்டினால் பலன் உறுதியில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எத்தனை பேரிடம் பார்த்தால் நம்பலாம்?

இரண்டு வாசகங்களை ஒப்பிடும்போது ஒன்றை ஒரு மாதமும் மற்றொன்றை அடுத்த மாதமும் அனுப்பிப் பார்ப்பது எளிய வழி என்று தோன்றும். அது தவறான வழி. தமிழ்நாட்டில் ஐப்பசியில் தீபாவளியும் அடைமழையும் வரும், தை பிறந்தால் பொங்கல், மார்ச்சில் தேர்வு. வருகை கூடியதும் குறைந்ததும் வாசகத்தாலா மழையாலா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. திங்கட்கிழமைக்கு ஒன்று, வியாழக்கிழமைக்கு ஒன்று என்று பிரித்தாலும் இதே கதைதான், அந்தந்த நாளில் வரும் மருத்துவரும் நோயாளிகளும் வேறு. ஒரே நாளில், ஒரே பிரிவில், இரண்டு வாசகங்களும் குலுக்கல் முறையில் கலந்து போக வேண்டும். குலுக்கலை முன்பதிவு வாரியாகச் செய்யாமல் கைபேசி எண் வாரியாகச் செய்வது நல்லது. தாத்தா, பாட்டி, மகள் மூவருக்கும் வீட்டில் ஒரே எண் கொடுக்கப்பட்டிருப்பது இங்கே சாதாரணம். ஒரே கைபேசிக்கு இரண்டு வாசகங்களும் போனால் எது பலித்தது என்று சொல்ல முடியாது.

எண்ணிக்கை விஷயத்தில் அவசரம்தான் பெரும் பகை. தலா நூறு பேருக்கு அனுப்பி, ஒன்றில் 11 பேரும் மற்றொன்றில் 8 பேரும் வராமல் இருந்தால், அந்த மூன்று பேர் வித்தியாசத்துக்குப் பொருளே இல்லை. ஒரே வாசகத்தை இரண்டு நூறு பேருக்கு அனுப்பினாலும் அவ்வளவு வித்தியாசம் அடிக்கடி வரும். லண்டனில் கண்டதுபோல 11.1க்கும் 8.4க்கும் இடையிலான வேறுபாட்டை நம்பிக்கையோடு பிடிக்க ஒவ்வொரு வாசகத்துக்கும் சுமார் 1,900 முன்பதிவுகள் வேண்டும். வராதவர்கள் 20 விழுக்காடாக இருந்து 14 ஆகக் குறையுமென்று எதிர்பார்க்கும் பிரிவில் சுமார் 600 போதும். வித்தியாசம் பெரிதாக இருந்தால் குறைந்த எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும், சிறிதாக இருந்தால் பொறுத்திருக்க வேண்டும். மேலே சொன்ன கண் மருத்துவமனைக் கணக்கில் தலா 600 பேரில் தற்செயலாக வரக்கூடிய வித்தியாசம் ஏறத்தாழ நான்கரை விழுக்காட்டுப் புள்ளிக்குள் அடங்கும். கிடைத்தது ஆறு. ஆகவே நம்பலாம்.

எத்தனை பேர் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதிவைத்துவிட வேண்டும். தினமும் எட்டிப் பார்த்து, தனக்குப் பிடித்த வாசகம் முந்தும் நாளில் சோதனையை நிறுத்தினால், பிடித்த வாசகமே எப்போதும் வெல்லும்.

இன்னொரு பொறி, போய்ச் சேராத செய்திகள். எண் மாறியிருக்கும், கைபேசி அணைந்திருக்கும். அவற்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால் சுத்தமாக இருக்குமே என்று தோன்றும். ஆனால் நீளமான செய்தியும் குட்டையான செய்தியும் ஒரே அளவில் போய்ச் சேரும் என்று உறுதியில்லை. இரண்டு குழுக்களிலும் வேறு வேறு ஆட்களை நீக்கிவிட்டு ஒப்பிட்டால் குலுக்கலே பாழாகும். அனுப்ப முடிவு செய்த அனைவரும் வகுக்கும் எண்ணில் இருக்க வேண்டும். போய்ச் சேராதவர்களின் பட்டியலைத் தனியாக எடுத்து, சரியான எண்ணை வாங்கும் வேலைக்குப் பயன்படுத்தலாம். அது பதிவுக் கவுன்டரின் வேலை, அந்தக் குறையை வாசகத்தின் தலையில் கட்டக்கூடாது.

தமிழில் எழுதும்போது நீளம் தனிப் பிரச்சினை. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்.எம்.எஸ். 160 எழுத்துகள் கொள்ளும். தமிழ் யூனிகோடில் 70தான், அதைத் தாண்டினால் 67, 67 ஆகத் துண்டாகி ஒவ்வொரு துண்டுக்கும் கட்டணம் ஏறும். கணக்கிடப்படுவது நாம் எண்ணும் எழுத்தும் அல்ல. ‘மருத்துவமனை’ என்பது நம் கணக்கில் ஏழெழுத்து. யூனிகோடில் புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால் அது 11 ஆகிறது. ‘தங்களது மேலான கவனத்திற்கு’ என்று தொடங்கும் வாசகம் தேதியைச் சொல்வதற்குள் முதல் துண்டின் கணிசமான பகுதியைத் தின்றுவிடும். கைபேசித் திரையின் மேலே எட்டிப் பார்க்கும் அறிவிப்பில் அந்த மரியாதைச் சொற்கள் மட்டுமே தெரியும், திறக்காதவர் தேதியைப் பார்க்கவே மாட்டார்.

எப்போது ஓய்வு கொடுப்பது?

வென்ற வாசகமும் என்றென்றைக்கும் வெல்லாது. முதல் தடவை படிக்கும்போது உறைத்த வரி, ஐந்தாவது தடவை கண்ணில் படாமலே போகும். மருத்துவர்களுக்கும் இதே கதிதான். மருந்துச் சீட்டு எழுதும் கணினியில் தோன்றும் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 விழுக்காடு வரை அவர்கள் தள்ளிவிட்டுப் போவதாக 2006இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. சின்ன விஷயத்துக்கெல்லாம் எச்சரிக்கை வந்தால் பெரிய விஷயத்துக்கு வருவதும் கவனிக்கப்படுவதில்லை. படித்தவர், பொறுப்பில் இருப்பவர் என்ற பேதமெல்லாம் இதில் இல்லை.

வாசகம் சலித்துவிட்டதா என்று அறிய மாதாந்திர வருகை விகிதத்தை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். நவம்பரில் விகிதம் சரிந்தால் அது மழையாகவும் இருக்கலாம். இதற்கு ஒரு வழி உண்டு. புதிய வாசகம் வென்ற பிறகும் பத்தில் ஒருவருக்குப் பழைய வாசகத்தையே தொடர்ந்து அனுப்புவது. மழை இரு குழுக்களையும் ஒருசேரப் பாதிக்கும், சலிப்போ புதிய வாசகத்தின் குழுவை மட்டும் பாதிக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி மாதம் தோறும் சுருங்கிக்கொண்டே வந்தால் வாசகம் தேய்கிறது என்று பொருள். இரண்டும் சேர்ந்து இறங்கினால் காரணம் வெளியே இருக்கிறது. பத்தில் ஒருவர் என்பதால் அந்தக் குழுவில் எண்ணிக்கை மெதுவாகவே சேரும். அதனால் ஒரு மாதத்தை வைத்து முடிவெடுக்காமல் மூன்று நான்கு மாதங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதைவிடக் கூர்மையான இன்னொரு பார்வை, ஒருவர் அதே வாசகத்தை எத்தனாவது தடவையாகப் பெறுகிறார் என்று பிரித்துப் பார்ப்பது. முதல் தடவை பெறுபவர்களிடம் பலித்து, நான்காவது தடவை பெறுபவர்களிடம் பழையதைப் போலவே இருந்தால், வாசகத்தை முழுவதுமாக விலக்க வேண்டியதில்லை. புதிய நோயாளிகளுக்கு அதை வைத்துக்கொண்டு, நீண்ட காலமாக வருபவர்களுக்கு மட்டும் வேறொன்றைப் பயன்படுத்தலாம். ஆனால் நான்காவது தடவை வரை தொடர்ந்தவர்கள் இயல்பாகவே ஒழுங்காக வருபவர்கள் என்பதை மறக்கக்கூடாது. அவர்களை முதல் தடவைக்காரர்களோடு நேரடியாக ஒப்பிடாமல், பழைய வாசகத்தை நான்கு தடவை பெற்றவர்களோடு ஒப்பிட வேண்டும்.

யாரிடம் பலிக்கிறது என்பது எவ்வளவு மாறும் என்பதற்குப் பிலிப்பைன்ஸில் கடன் தவணைக்கு அனுப்பிய குறுஞ்செய்திகள் நல்ல உதாரணம். பொருளியலாளர் டீன் கார்லனும் அவருடன் சேர்ந்தவர்களும் அங்கே பல வாசகங்களைச் சோதித்தார்கள். கடன் அலுவலரின் பெயரைச் சொன்ன வாசகமே தவணை கட்டுவதை மேம்படுத்தியது. அதுவும் அந்த அலுவலரிடம் முன்பே கடன் வாங்கிப் பழகியவர்களிடம் மட்டும். புதியவர்களுக்கு அந்தப் பெயரால் எந்தப் பயனும் இல்லை. மொத்தச் சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இந்த வேறுபாடு தெரிந்திருக்காது.

ஓய்வு கொடுக்கும் விதியை முன்கூட்டியே எழுதிவைப்பது நல்லது, ஏனென்றால் ஒவ்வொரு வாசகத்துக்கும் அதை எழுதியவர் ஒருவர் இருப்பார், அவர் பெரும்பாலும் அலுவலகத்தில் மேல்நிலையில் இருப்பார். குறித்த எண்ணிக்கை முடிந்த பிறகும் பழையதை விஞ்சாத வாசகத்தை விலக்கிவிட வேண்டும். விஞ்சியது, பின்னர் இடைவெளி பாதிக்குக் கீழே சுருங்கினால் அதற்கு மாற்றாக ஒன்றைச் சோதனைக்கு எடுக்க வேண்டும். அந்தப் பாதி என்பது இயற்கை விதி ஒன்றுமில்லை, அந்தந்த மருத்துவமனை தனக்கு ஏற்றதை வைத்துக்கொள்ளலாம். எண் எதுவானாலும், வாசகத்தை எழுதியவர் யார் என்று பார்க்காமல் ஒரே அளவுகோல் இருக்க வேண்டும்.

பலித்தாலும் விலக்க வேண்டிய வாசகங்களும் உண்டு. குற்ற உணர்வைத் தூண்டும் வரி அந்த ஒரு தேதிக்கு ஆளை வரவைக்கலாம். ஆனால் ஒரு தடவை தவறியவர், திட்டு விழும் என்று பயந்து அடுத்த தேதிக்கும் வராமல் சிகிச்சையையே விட்டுவிட்டால் நட்டம் பெரிது. இதைக் கண்டுபிடிக்க விளைவுக் கட்டத்தோடு இன்னொரு கட்டம் தேவை: தவறியவர் மூன்று மாதத்துக்குள் திரும்ப வந்தாரா என்பது. காசநோய், மனநலப் பிரிவுகளில் இது மிக முக்கியம். அங்கே பிரிவின் பெயரைச் சொல்லும் வாசகம் எவ்வளவு பலித்தாலும் அனுப்பக்கூடாது. கைபேசியை எடுத்துப் படிப்பவர் நோயாளியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

வாசகத்தால் ஆகாதது

எந்த வாசகத்துக்கும் அசையாத ஒரு பகுதி மிஞ்சும். லண்டனில் வென்ற வாசகத்திலும் நூற்றுக்கு எட்டுப் பேர் வரவில்லை. அவர்களுக்காக இன்னும் நல்ல வரி தேடிக்கொண்டிருப்பது நேர விரயம். பட்டியலிலிருந்து முப்பது நாற்பது பேரை அழைத்துக் கேட்டால் காரணங்கள் வரிசையாக வரும்: அன்றைய கூலி போய்விடும், துணைக்கு வர ஆளில்லை, காலை பத்து மணிக்குச் சேரும் பேருந்து அந்த ஊரிலிருந்து இல்லை, ரத்து செய்ய அழைத்தால் எப்போதும் லைன் பிஸி. இவற்றில் கடைசிக் காரணம் மருத்துவமனையின் சொந்தக் குறை. ரத்து செய்யச் சொல்லும் வாசகம் ஓடத் தொடங்கிய மாதத்தில் அந்த எண்ணுக்கு எத்தனை அழைப்புகள் வந்தன, எத்தனை எடுக்கப்பட்டன என்று பார்த்தாலே போதும். எடுக்கப்படாத அழைப்புகள் பாதிக்கு மேல் இருந்தால், வாசகம் தோற்றது என்று எழுதுவது அநியாயம். நோயாளி செய்தியைப் படித்தார், சொன்னபடி செய்தார், மறுமுனையில்தான் ஆளில்லை.

விலக்கிய வாசகங்களை அழித்துவிடக்கூடாது. எந்த வாசகம், எந்த மாதங்களில், எந்தப் பிரிவில், எத்தனை பேருக்குப் போனது, வந்தவர், ரத்து செய்தவர், சொல்லாமல் இருந்தவர் எத்தனை பேர், ஏன் விலக்கப்பட்டது என்று ஒரு பக்கம் எழுதிவைக்க வேண்டும். மருத்துவமனைகளில் நிர்வாகிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். இரண்டு வருடம் கழித்துப் பொறுப்புக்கு வருபவருக்கு, ‘தவறாது வருகை தரவும்’ என்பது புதிதாகத் தோன்றிய நல்ல யோசனையாகவே இருக்கும். அந்த ஒரு பக்கம் இல்லையென்றால் அதே 600 பேரிடம் அதே சோதனையை முதலிலிருந்து நடத்த வேண்டிவரும்.